கணக்கில் துண்டு விழுகிறது, கையில் பணம் இருக்கிறது

வாசகியின் கடிதம்

"இணையத்தில் கிடைத்த குடும்பச் செலவுத் திட்டமிடல் பி.டி.எஃப் ஒன்றை அச்சிட்டு மூன்று மாதமாகப் பேனாவால் எழுதி வருகிறேன். மாதத்துக்கு ஒரு பக்கம், 16 தலைப்புகள். காகிதம் மிச்சமாகட்டும் என்று ஒரு தாளில் இரண்டு பக்கமாக அச்சிட்டேன். போன மாதம் வருமானம் 42,000. பக்கவாட்டில் கூட்டினால் செலவு 44,860, மேலிருந்து கீழே கூட்டினால் 45,220. எப்படிப் பார்த்தாலும் வருமானத்தை மீறிவிட்டது. ஆனால் யாரிடமும் கடன் வாங்கவில்லை, மாதக் கடைசியில் கையிலும் வங்கியிலுமாக 4,900 இருந்தது. 'பணம் மிச்சமிருக்கும்போது துண்டு விழுந்தது என்கிறாயே, உனக்குக் கணக்கு வரவில்லை' என்கிறார் கணவர். ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்கிறார். இன்னும் அதிகத் தலைப்புகள் உள்ள வேறு பி.டி.எஃப் எடுக்கட்டுமா, கைபேசிச் செயலிக்கு மாறட்டுமா, இல்லை விட்டுவிடட்டுமா? தப்பு என்னிடமா, அந்தத் தாளிலா? பக்கத்தின் படத்தையும் வங்கி விவரத்தையும் இணைத்திருக்கிறேன்."

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பக்கத்தை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். 31 நாளில் ஒரு நாளைக்கூட நீங்கள் காலியாக விடவில்லை. கணக்கு வராதவர் செய்கிற வேலை இல்லை இது. உங்கள் பக்கம் சொன்ன முடிவும் பெரும்பாலும் சரியானதே. போன மாதம் உங்கள் வீட்டில் உண்மையிலேயே துண்டு விழுந்திருக்கிறது. தொகைதான் கொஞ்சம் மாறுகிறது. கையில் பணம் இருந்ததும் உண்மை. இரண்டும் ஒரே மாதத்தில் எப்படி உண்மையாக முடியும் என்பதை உங்கள் தாள் காட்டவில்லை, ஏனென்றால் அதைக் காட்டுவதற்கான கட்டமே அதில் இல்லை.

அந்த 4,900-க்கு வருவதற்கு முன்னால், தாளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

கட்டத்தின் அகலம்

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். துளையிட்டுக் கோப்பில் போட இடது பக்கம் 25, வலது பக்கம் 10 விட்டால் எழுத 175 கிடைக்கும். உங்கள் பி.டி.எஃப்பில் தேதி, 16 தலைப்பு, நாள் மொத்தம் என 18 பத்திகள். ஒன்றுக்கு 10 மில்லிமீட்டர்கூட வராது. இதில் ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்று அச்சிட்டால் எல்லாமே 71 விழுக்காடாகச் சுருங்கும். அதாவது நீங்கள் ஏழு மில்லிமீட்டர் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண்ணை எழுதிக்கொண்டிருந்தீர்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சமே சிறிய இடம் அது. ஒரு மனிதர் பேனாவால் இயல்பாக நான்கைந்து இலக்கம் எழுதுவதற்கு 18 முதல் 20 மில்லிமீட்டர் வேண்டும்.

விளைவு உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 17-ஆம் தேதி வரியைப் பாருங்கள். தலைப்புக் கட்டத்தில் 1,730 என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வரியின் நாள் மொத்தத்தில் 1,370. அன்று வேறு செலவே இல்லை. இடமில்லாமல் நெருக்கி எழுதிய ஏழும் மூன்றும் நகலெடுக்கும்போது இடம் மாறிவிட்டன. கீழே கூட்டியதற்கும் பக்கவாட்டில் கூட்டியதற்கும் 360 வித்தியாசம் வந்ததற்கு இது ஒன்றுதான் காரணம். இரண்டு வழியிலும் கூட்டிப் பார்க்கிற உங்கள் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், பிழையைக் காட்டிக்கொடுத்ததே அதுதான்.

கணக்கெழுதுகிறவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் சின்னச் சோதனை ஒன்றையும் சொல்கிறேன். இரண்டு மொத்தங்களின் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு எங்கோ இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 360-ஐ ஒன்பதால் வகுத்தால் சரியாக 40. நான் 17-ஆம் தேதியைச் சீக்கிரம் கண்டுபிடித்தது அப்படித்தான். இன்னொன்று: தப்பான எண்ணின் மேலேயே திருப்பி எழுதாதீர்கள். ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கும் கட்டத்தில் இடம் வேண்டும் இல்லையா?

ஆகவே, இன்னும் அதிகத் தலைப்புள்ள பி.டி.எஃப் வேண்டாம். தலைப்பு கூடினால் செலவு கட்டுக்குள் வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உங்கள் 16 தலைப்பில் ஏழு தலைப்புகளில் மாதம் முழுக்க ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. வாடகை, மின்கட்டணம், இணையம், பள்ளிக் கட்டணம் போன்றவை. மாதம் ஒருமுறை வருகிற செலவுக்கு 31 கட்டம் எதற்கு? அவற்றைத் தாளின் பின்பக்கத்தில் 'மாதம் ஒருமுறை' என்று தலைப்பிட்டு வரிசையாகப் பத்து வரியில் எழுதிவிடலாம். முன்பக்கத்தில் அடிக்கடி நடக்கிற செலவு மட்டும் போதும்: சாப்பாடும் மளிகையும், போக்குவரத்து, பிள்ளை, மருந்து, மற்றவை. ஐந்து பத்தி. ஒன்றுக்கு 20 மில்லிமீட்டர் என்றால் 100. நாள் மொத்தத்துக்கு 20, தேதிக்கு 10. மிச்சம் 45 மில்லிமீட்டர், அது முழுவதும் குறிப்புக்கு. ஒரு தலைப்பு தேவையா என்று சந்தேகம் வந்தால், அந்த எண் தெரிந்தால் அடுத்த மாதம் எதையாவது மாற்றிச் செய்வேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்ற மாட்டீர்கள் என்றால் அது 'மற்றவை'க்குள் போகட்டும்.

உயரமும் சரியாக வரும். 297 மில்லிமீட்டரில் மேலே 20, கீழே 15, தலைப்பு வரிகளுக்கு 25, மொத்த வரிக்கு 10 என ஒதுக்கினாலும் 31 நாளுக்கும் ஏழேழு மில்லிமீட்டர் வைத்து 217 போக இன்னும் 10 மீதம். தாளைக் குறுக்காகத் திருப்பினால் பத்திகள் அகலமாகும், ஆனால் வரியின் உயரம் நான்கரை மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். தினசரிப் பக்கத்துக்கு நெடுக்குவாட்டம்தான் சரி.

இப்படி ஒன்றை விரிதாள் மென்பொருளிலோ, அட்டவணை போடத் தெரிந்த எந்த மென்பொருளிலோ நீங்களே அரை மணியில் செய்து பி.டி.எஃப் ஆக்கிக்கொள்ளலாம். அச்சிடும்போது அளவில் Fit என்பதை எடுத்துவிட்டு Actual size அல்லது 100% என்று வையுங்கள். முதலில் ஒரே ஒரு தாள் மட்டும் அச்சிட்டு அளவுகோலால் அளந்து பாருங்கள். பத்து வரி சேர்ந்து 70 மில்லிமீட்டர் இருந்தால் சரி. அதைவிடக் குறைந்தால் எங்கோ சுருங்குகிறது என்று அர்த்தம். காகிதத்தை மிச்சப்படுத்த இரண்டு பக்கமும் அச்சிடுங்கள், ஒரு மாதத்துக்கு ஒரே தாள் போதும். பின்பக்கத்தில் துளை வலது ஓரத்தில் விழும், அதனால் அந்தப் பக்கத்துக்கு வலது பக்கம் 25 விடுங்கள். சாதாரணத் தாளில் மை மறுபக்கம் தெரியாமலிருக்கப் பந்துமுனைப் பேனா நல்லது.

ஒரே பொருளுக்கு இரண்டு முறை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். போன மாதம் கடன் அட்டையில் 4,150-க்கு வாங்கியிருக்கிறீர்கள். வாங்கிய அன்றே உரிய தலைப்புகளில் எழுதியும் விட்டீர்கள், நல்லது. ஆனால் 8-ஆம் தேதி 'கார்டு பில்' என்று 3,200 எழுதியிருக்கிறீர்களே, அது எதற்கு? முந்தைய மாதம் வாங்கியவற்றுக்கு. அவற்றை முந்தைய மாதப் பக்கத்தில் வாங்கிய தேதியிலேயே எழுதியாகிவிட்டது. அப்படியானால் ஒரே பொருள் இரண்டு மாதங்களில் இரண்டு முறை செலவாகிறது. அட்டை வைத்திருப்பவர்கள் எழுதும் வீட்டுக் கணக்கில் நான் அதிகம் பார்க்கிற பிழை இது.

இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்கிய அன்று எழுதலாம், அல்லது பில் கட்டும்போது மட்டும் எழுதலாம். பில் கட்டும்போது எழுதுவது வேலை குறைவு. ஆனால் எதற்குச் செலவானது என்பது அந்த ஒற்றைத் தொகைக்குள் மறைந்துவிடும், செலவு ஒரு மாதம் தள்ளியும் தெரியும். நீங்கள் வாங்கிய அன்றே எழுதும் பழக்கத்தில் இருப்பதால் அதையே தொடருங்கள். பில் கட்டியதைச் செலவில் சேர்க்காமல், பின்பக்கத்தில் நான் கீழே சொல்லும் கட்டத்தில் மட்டும் எழுதுங்கள்.

எழுதாமல் போனதும் ஒன்று உண்டு. வங்கி விவரத்தில் 12-ஆம் தேதி காப்பீட்டுத் தவணை 1,850 தானாகவே கழிந்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் அது இல்லை. பணம் கை மாறாததால் மனதில் பதியவில்லை. பேனாக் கணக்கின் உண்மையான பலவீனம் இதுதான், செயலிக்கு மாறலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. வங்கியோடு இணைந்த செயலி இதைத் தானாகப் பிடித்துவிடும். ஆனால் ரொக்கமாகக் கொடுத்ததை அதுவும் பிடிக்காது, உங்கள் வங்கி விவரங்களை இன்னொருவர் கையில் ஒப்படைக்கவும் வேண்டும். தாளில் எழுத உங்களுக்குப் பிடித்திருக்கிறது, மூன்று மாதம் விடாமல் எழுதியும் இருக்கிறீர்கள். எனவே தாளிலேயே இருங்கள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் வங்கி விவரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதியிருக்கும் ஒவ்வொரு பற்றுக்கும் டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். டிக் விழாமல் நிற்பதுதான் நீங்கள் எழுத மறந்தது.

இல்லாமல் போன கட்டம்

உங்கள் பி.டி.எஃப்பில் வருமானம், செலவு, மீதி என்று மூன்றுதான் இருக்கின்றன. மாதம் தொடங்கும்போது எவ்வளவு இருந்தது என்று எழுத இடமே இல்லை. வங்கி விவரத்தையும் நீங்கள் ஓரத்தில் குறித்து வைத்திருந்த கைரொக்கத்தையும் சேர்த்தால் முதல் தேதியில் 6,200 இருந்திருக்கிறது. அது தெரியாமல், கடைசித் தேதியில் இருந்த 4,900-ஐ வைத்து மிச்சம் என்றோ குறைவு என்றோ யாராலும் சொல்ல முடியாது.

முதலில் செலவைச் சரிசெய்வோம். 44,860-லிருந்து கார்டு பில் 3,200-ஐ எடுத்துவிடுங்கள். இலக்கம் மாறியதால் குறைந்த 360-ஐயும் காப்பீடு 1,850-ஐயும் சேருங்கள். 43,870 வரும். இப்போது பின்பக்கத்தில் இப்படி ஒரு கட்டம் போடுங்கள்:

தொடக்க இருப்பு (கையில் + வங்கியில்): 6,200
கூட்டுக, வருமானம்: 42,000
கழிக்க, செலவு: 43,870
கூட்டுக, கார்டில் வாங்கி இன்னும் கட்டாதது: 4,150
கழிக்க, கட்டிய கார்டு பில்: 3,200
இருக்க வேண்டியது: 5,280
எண்ணிப் பார்த்தால் இருப்பது: 4,900
வித்தியாசம்: 380

நான்காவது வரியில் ஏன் கூட்டுகிறோம் என்று குழப்பமாக இருக்கலாம். அந்தப் பொருள்களைச் செலவில் எழுதிவிட்டோம், ஆனால் பணம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. அதனால் திரும்பக் கூட்டிக்கொள்கிறோம். ஐந்தாவது வரி அதற்கு நேர் எதிர்: பணம் போய்விட்டது, ஆனால் அது இந்த மாதச் செலவு இல்லை.

மிஞ்சுவது 380. சில்லறையாகக் கொடுத்து எழுத மறந்ததாக இருக்கும். இதைத் தேடி உட்காராதீர்கள். மொத்தச் செலவில் அது ஒரு விழுக்காடுகூட இல்லை. 'எழுதாமல் விட்டது' என்று ஒரு வரி வைத்து அதில் 380 எழுதி, செலவை 44,250 என்று முடித்துவிடுங்கள். காசு காசாக ஒத்துப்போக வேண்டும் என்ற பிடிவாதத்தால் இரண்டாம் மாதமே நோட்டை மூடிவைத்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வரியில் வரும் தொகை மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் விடாதீர்கள். ரொக்கம் எந்த வழியில் போகிறது என்று இரண்டு வாரம் கவனித்துப் பாருங்கள்.

சரி, இப்போது பாருங்கள். வருமானம் 42,000, செலவு 44,250. துண்டு 2,250. அது எங்கிருந்து வந்தது? இருப்பு 6,200-லிருந்து 4,900 ஆனது, அதில் 1,300. கார்டில் பாக்கி 3,200-லிருந்து 4,150 ஆனது, அதில் 950. இரண்டும் சேர்ந்தால் அதே 2,250. யாரிடமும் கடன் வாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான். கார்டில் கூடிய 950 கடன்தான். கையில் இருந்த 4,900-இல் 4,150, அடுத்த பில்லுக்குப் போக வேண்டிய பணம். உண்மையில் உங்களுடையது என்று சொல்ல 750தான் இருந்தது. பில்லை முழுவதுமாகக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் பாக்கிக்கு வட்டி ஏறும், அதனால் இந்த மாதம் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் அந்த 4,150-ஐ முழுதாகக் கட்டிவிடுங்கள்.

பதின்மூன்றாவது பக்கம்

துண்டு 2,250 என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒவ்வொரு மாதமும் இவ்வளவு விழும் என்று இதற்குப் பொருள் இல்லை. காப்பீடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது. ஆண்டுக்கு நான்கு தவணை, 7,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்குச் சுமார் 620. அப்படிப் பரப்பிப் பார்த்தால் போன மாதத் துண்டு ஏறக்குறைய 1,020. அதே நேரம், தவணை வராத மாதங்களில் செலவு குறைந்தது போலத் தெரிவதும் உண்மையில்லை. அந்த மாதங்களிலும் 620 ஒதுக்கியாக வேண்டும்.

பன்னிரண்டு மாதப் பக்கத்தோடு முடிந்துவிடுகிற பி.டி.எஃப்களில் இதற்கு இடம் இருக்காது. நீங்கள் கூடுதலாக ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வராத செலவுகளை எல்லாம் அதில் வரிசையாக எழுதுங்கள்: காப்பீடு, பள்ளி தொடங்கும் மாதச் செலவு, வண்டிப் பராமரிப்பு, வரி, வீட்டு விசேஷங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த மாதம், ஆண்டுக்கு எவ்வளவு, பன்னிரண்டால் வகுத்தால் எவ்வளவு என்று மூன்று பத்தி. கடைசிப் பத்தியின் மொத்தம்தான் மாதாமாதம் தனியாக எடுத்து வைக்க வேண்டிய தொகை. முதல் முறை கூட்டும்போது அந்த எண் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும். முழுவதையும் உடனே ஒதுக்க முடியாவிட்டால், அடுத்து வரப்போகிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

குறிப்புக்கான இடமும், வீட்டில் நடக்கிற பேச்சும்

உங்கள் பக்கத்தில் குறிப்பு எழுத இருந்த பட்டையில் '14-ல் ஏன் அதிகம்?' என்று வேறொருவர் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தில் மூன்று வரி விளக்கம். அதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. குறிப்புக்கான இடம் விசாரணைக்கு இல்லை. 'மருந்துக்கு அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்', 'வாடகை அடுத்த மாதம் உயரும்', 'இந்த பில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வந்தது' என்று, ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது உங்களுக்கே உதவுகிற விஷயங்களுக்கு. வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் எதையும் அங்கே எழுதாதீர்கள். மேசையில் கிடக்கிற தாள் அது.

இரண்டு ஏற்பாடு சொல்கிறேன், கணவரிடம் பேசிப் பாருங்கள். ஒன்று, இருவருக்கும் மாதம் சமமாக ஒரு கைச்செலவுத் தொகை. பின்பக்கத்தில் 'மாதம் ஒருமுறை' பட்டியலில் இரண்டு வரி, ஆளுக்கு ஓர் எண். அதற்குள் என்ன வாங்கினீர்கள் என்று நீங்களும் கேட்க வேண்டாம், அவரும் கேட்க வேண்டாம். இன்னொன்று, பின்பக்கத்தில் நான் போட்ட அந்தக் கட்டத்தை மாதக் கடைசியில் இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். கையிருப்பை அவர் எண்ணட்டும், கார்டு பாக்கியை அவரே திறந்து பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். 4,900 ஏன் மிச்சம் இல்லை என்பதை நீங்கள் வாதாடிச் சொல்ல வேண்டியிராது, அவரே கூட்டிப் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்பது தொடர்ந்தால், பிரச்சினை கணக்கில் இல்லை. அப்போது தாளை மாற்றிப் பயனில்லை, இருவரும் ஒரு குடும்ப ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

பழைய மூன்று பக்கங்களையும் புதுத் தாளுக்குப் பெயர்த்து எழுத வேண்டாம். வருகிற முதல் தேதி காலையில், அன்றைய முதல் செலவுக்கு முன்னால், கையில் உள்ளதை எண்ணி, வங்கியில் உள்ளதைப் பார்த்து, கார்டில் கட்ட வேண்டிய பாக்கியையும் பார்த்து, மூன்று எண்களையும் புதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அங்கிருந்து தொடங்கினால் போதும்.